நண்டுக் கம்பெனிக்கு அமோனியா கசிவு பற்றிய வீடியோ: ஸ்கிரிப்ட் எப்படி எழுதுவது?

மண்டபம் கேமரா

எல்லோருக்கும் வணக்கம். மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவில் கடலை ஒட்டி இருக்கும் ஒரு கடல் உணவுக் கம்பெனிக்குப் பாதுகாப்புப் பயிற்சி வீடியோ எடுக்கிறேன். ஆறு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். அமோனியா கசிந்தால் என்ன செய்வது என்பதுதான் பொருள்.

இடம் இப்படி இருக்கிறது. மேற்குக் கடைசியில் அமோனியாவை வைத்துக் குளிரூட்டும் கம்ப்ரசர் ஓடும் மெஷின் ரூமும் ஐஸ் பிளான்டும். அதை ஒட்டிக் கிழக்கே நண்டுச் சதை எடுக்கும் ஹால். வடக்கே ரோட்டைப் பார்த்து மெயின் கேட். தெற்கே கடலைப் பார்த்து ஒரு பின்கதவு. மெயின் கேட் பக்கத்து வேப்பமரத்தடிதான் கூடுமிடம் என்று போர்டு வைத்திருக்கிறார்கள்.

ஹாலில் இருப்பவர்கள் பெரும்பாலும் சுற்றுக் கிராமப் பெண்கள். பிளஸ் டூ முடித்தவர்களும் இருக்கிறார்கள், கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். ஐஸ் பக்கம் ஒடிசாவில் இருந்து வந்த இளைஞர்கள். நான் எழுதியிருக்கும் முதல் வடிவம்:

காட்சி 1: திரையில் "அமோனியா NH3, ஓர் அறிமுகம்". குரல்: "அமோனியா என்பது நிறமற்ற, நெடி மிகுந்த, நீரில் எளிதில் கரையக்கூடிய ஒரு வாயு ஆகும்..."

காட்சி 2: "சோம்பேறி சுப்பு" என்ற கார்ட்டூன் பாத்திரம் எல்லாவற்றையும் தப்பாகச் செய்கிறது. ஒவ்வொரு தப்பின் மேலும் சிவப்புப் பெருக்கல் குறி.

காட்சி 3: செய்ய வேண்டிய 10 விதிகள் எழுத்தில் வரும், குரல் அதையே வாசிக்கும்.

காட்சி 4: காற்றடிக்கும் திசைக்கு எதிர்த்திசையில் வெளியேறி வேப்பமரத்தடியில் கூடவும்.

எழுதி முடித்து வாசித்தால் எனக்கே நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. எங்கே கை வைக்கலாம்?

ஐஸ்பிளான்ட் ராசு

தம்பி, முதல் காட்சியை அப்படியே எடுத்துவிடுங்கள். கேஸுக்கு நிறம் உண்டா இல்லையா என்பது நண்டு உடைக்கிற பொண்ணுக்கு எதற்கு? சங்கு ஊதினால் அவள் எந்தக் கதவுக்குப் போக வேண்டும், அதுதான் வீடியோ.

நான் அமோனியா பிளான்டிலேயே காலம் தள்ளினவன். பெரிய கசிவுகள் எனக்குத் தெரிந்து பெரும்பாலும் ஆயில் வடிக்கும்போதும் வால்வு வேலையின்போதும்தான் நடக்கும். அது ஆப்பரேட்டர்களுக்கான பாடம். அவர்களுக்குத் தனி வீடியோ போடுங்கள். ரெண்டையும் ஒன்றாகக் கலந்தால் ஹாலில் இருப்பவர்களுக்கு எதுவும் நிற்காது.

இன்னொன்று. வாசனை வந்தால் ஓடு என்று எழுதிவிடாதீர்கள். மூக்குக்கு அமோனியா 5 பிபிஎம் அளவிலேயே தெரிந்துவிடும். உயிருக்கு உடனடி ஆபத்து என்று கணக்கு வைத்திருப்பது 300 பிபிஎம். ஐஸ் பிளான்டை ஒட்டி வேலை பார்ப்பவர்களுக்கு லேசான நெடி அன்றாடம் இருக்கும். அதற்கெல்லாம் ஓடச் சொன்னால் ஒரு வாரத்தில் உங்கள் வீடியோவை யாரும் மதிக்க மாட்டார்கள். கண் எரிந்து நீர் வழிகிறது, தொண்டை பிடிக்கிறது, வெள்ளைப் புகை தெரிகிறது, இல்லை சங்கு ஊதுகிறது. இதில் எது வந்தாலும் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான்.

சேஃப்டி செந்தில்

நான் ஒரு நூற்பாலையில் பாதுகாப்பு அதிகாரி. படக்குறிகளைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், எழுத்துத் தெரியாதவர்களுக்கு அதுதான் மொழி. ஆனால் ஒவ்வொன்றையும் சோதித்துவிட்டுப் போடுங்கள். அமெரிக்க ANSI Z535.3 தரத்தில், ஒரு குறியைப் பார்ப்பவர்களில் 85 சதவீதம் பேராவது சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நேர்மாறாகப் புரிந்துகொள்பவர்கள் 5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது.

உள்ளடக்கத்தில் ஒன்று சேருங்கள். அமோனியா காற்றைவிட லேசு, மேலே போய்விடும். அதனால் குனிந்து, முடிந்தால் தரையோடு தவழ்ந்து வெளியேற வேண்டும். மூக்கில் ஈரத்துணி. எங்கள் தீயணைப்புப் பயிற்சியில் இப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறோம்.

ஐஸ்பிளான்ட் ராசு

செந்தில் சார், தீப்புகைக்கு நீங்கள் சொல்வது சரி. அமோனியா லேசு என்பதும் சரி. ஆனால் பைப்பில் இருந்து திரவமாகப் பீய்ச்சும்போது கதை வேறு. அதன் கொதிநிலையே மைனஸ் 33 டிகிரி. அந்தக் குளிரும் நம் கடற்கரைக் காற்றில் இருக்கும் ஈரமும் சேர்ந்தால் வெள்ளை மூட்டம் உண்டாகும். அந்த மூட்டம் கனமாகத் தரையோடு தவழும், சாக்கடை வழியாகவும் ஓடும். அதில் ஒருத்தரைத் தவழச் சொன்னால் நேராக மூட்டத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்ன மாதிரி ஆகிவிடும். நிமிர்ந்து, வேகமாக நடந்து, மூட்டத்தை விட்டு விலகிப் போகச் சொல்லுங்கள். மூட்டம் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் கேஸ் இல்லை என்றும் நினைக்கக்கூடாது.

ஈரத்துணி நல்லதுதான், அமோனியா தண்ணீரில் கரையும். ஆனால் அது வெளியே போகிற நேரத்துக்கு மட்டும்தான். துணி கட்டியிருக்கிறேன், பரவாயில்லை என்று உள்ளே திரும்பிப் போனவர்கள்தான் விழுவார்கள். துணி தேடி நிற்பதும் கூடாது. கையெட்டும் தூரத்தில் குழாய் இருந்தால் நனைக்கட்டும், இல்லையென்றால் நடக்கட்டும்.

மலர்விழி டீச்சர்

நான் அறிவொளி இயக்கத்தில் தொண்டராக இருந்தவள், பிறகு மகளிர் குழுக்களுக்குப் பயிற்சி கொடுத்தேன். படம் என்றால் எல்லோருக்கும் புரியும் என்று படித்தவர்கள் நினைக்கிறோம். அப்படி இல்லை. படத்தைப் படிக்கவும் பழக்கம் வேண்டும்.

சிவப்புப் பெருக்கல் குறியை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் விடைத்தாள் வாங்கிப் பழகியவருக்குத்தான் அது தப்பு என்று பொருள். பழகாதவர் கண்ணில் படம்தான் நிற்கும், குறி நிற்காது. சுப்பு செருப்பை எடுக்க ஓடுகிற காட்சி நன்றாக மனதில் பதியும், ஏனென்றால் அதுதான் வேடிக்கையாக இருக்கிறது. பாதியில் வந்து உட்கார்ந்தவருக்கு அதுதான் பாடம். அதனால் சரியானதை மட்டும் காட்டுங்கள். தப்பைக் காட்டியே ஆக வேண்டும் என்றால், இன்னொரு பெண் கையைப் பிடித்துத் தடுத்து, கதவுப் பக்கம் கூட்டிப் போவதாக அதே ஷாட்டில் காட்டுங்கள்.

அடுத்தது, திடீரென்று வரும் குளோசப். ஒரு வால்வு திரை முழுக்க வந்தால் அது எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிது என்று தெரியாது. முதலில் ஹால், அதில் அந்த மூலை, அப்புறம்தான் பொருள். நடப்பவர் ஷாட்டுக்கு ஷாட் ஒரே பக்கமாகப் போக வேண்டும். ஒரு ஷாட்டில் இடமிருந்து வலமாகவும் அடுத்ததில் வலமிருந்து இடமாகவும் போனால், திரும்பி உள்ளே போகிறாள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இந்த வீடியோவில் அது ஆபத்தான தவறு.

எழுத்தை முழுதாக எடுத்துவிடலாம். படித்தவர்கள் எழுத்தைப் படித்துக்கொண்டு படத்தை விட்டுவிடுகிறார்கள், படிக்காதவர்கள் அது தங்களுக்கானதில்லை என்று ஒதுங்குகிறார்கள்.

வாலிநோக்கம் குமரன்

எங்கள் அம்மா உப்பளத்தில் வேலை பார்க்கிறார். வெயிலில் உப்பு மினுங்கி கண் எரிச்சல், காலெல்லாம் வெடிப்பு. அதற்கும் இப்படி வீடியோ போட்டால் பூட்ஸும் கண்ணாடியும் கொடுப்பார்களா? கேமரா வாடகைக்கு எவ்வளவு ஆகும் என்று சொன்னால் நாங்களே எடுத்துவிடலாம்.

மண்டபம் கேமரா

குமரன், வாடகை விவரம் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். ஆனால் பூட்ஸும் கண்ணாடியும் கையில் இல்லாத இடத்தில் அவற்றைப் போடச் சொல்லி வீடியோ எடுப்பது சரியாகாது. முதலில் அவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

செல்வி

நான் இதே மாதிரி ஒரு கம்பெனியில் நண்டு உடைக்கிற செக்ஷன். போனில் பேசித்தான் இதை எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடப்பதைச் சொல்கிறேன்.

எங்களுக்கு ஷிப்ட் முடியவும் சங்குதான், டீக்கும் சங்குதான். கேஸ் லீக் என்றாலும் அதே சங்கு ஊதினால் கையைக் கழுவிக்கொண்டு மெதுவாகத்தான் எழுந்திருப்போம்.

உள்ளே வரும்போது செருப்பு, பை, போன், தாலிச் செயின் கழற்றி வைத்த டப்பா எல்லாம் மெயின் கேட் பக்கத்து ரூமில் வைத்துவிட்டு, பூட்ஸ் போட்டுக்கொண்டு வருவோம். சங்கு ஊதினால் எல்லோரும் அந்த ரூமுக்குத்தான் ஓடுவார்கள். பின்கதவை யாரும் நினைக்கவே மாட்டார்கள். ஈ வரக்கூடாது, சரக்கு வெளியே போகக்கூடாது என்று அதைப் பூட்டித்தான் வைத்திருக்கிறார்கள். சாவி சூப்பர்வைசர் சாரிடம் இருக்கும்.

இன்னொரு விஷயம். கேஸ் மேலே பட்டால் துணியைக் கழற்றித் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று ஒரு தடவை சொன்னார்கள். ஆம்பளைகள் நிற்கிற இடத்தில் யார் கழற்றுவார்கள்? அதைச் சொன்னதும் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம், அப்புறம் அவர் சொன்ன எதையும் காதில் வாங்கவில்லை.

மலர்விழி டீச்சர்

செல்வி, நீங்கள் சொன்னது இந்த இழையிலேயே முக்கியமான பதிவு. கேமரா தம்பி, செருப்பு ரூமையும் டப்பாவையும் கட்டாயம் ஸ்கிரிப்டில் கொண்டுவாருங்கள். ஒரு பெண் அந்த ரூமைப் பார்க்கிறாள், பக்கத்தில் இருப்பவள் கையைப் பிடித்து "டப்பா எங்கேயும் போகாது, வா" என்கிறாள். அந்த ஒரு வரி பத்து விதிக்குச் சமம். ஆனால் அந்த ரூமை யார் பூட்டிப் பாதுகாப்பார்கள் என்று நிர்வாகம் முதலில் முடிவு செய்தால்தான் அந்த வரி உண்மையாகும்.

ஐஸ்பிளான்ட் ராசு

துணி விஷயம் கட்டாயம் சொல்லியாக வேண்டும், விட முடியாது. அமோனியா ஈரமான இடத்தைத்தான் தேடிப் பிடிக்கும். கண், மூக்கு, வேர்வை நிற்கிற அக்குள், தொடையிடுக்கு. துணியோடு விட்டால் வெந்துகொண்டே இருக்கும். நான்கு பெண்கள் பெட்ஷீட்டைச் சுற்றிப் பிடித்து மறைத்து நிற்க, உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் மட்டும் கேட்கிற மாதிரி எடுங்கள். குழாய்க்குப் பக்கத்தில் அந்தப் பெட்ஷீட் நிரந்தரமாகத் தொங்க வேண்டும். திரவம் பட்டு உறைந்து துணி தோலோடு ஒட்டியிருந்தால் பிய்க்கக்கூடாது. நிறையத் தண்ணீர் விட்டு, தானாக இளகிய பிறகு எடுக்கட்டும்.

கண்ணுக்குக் குறைந்தது 15 நிமிடம் ஓடுகிற தண்ணீர். எண்ணெய், தாய்ப்பால், எலுமிச்சை எதுவும் கூடாது.

மண்டபம் கேமரா

15 நிமிடத்தை எப்படிக் காட்டுவது? கடிகாரம் காட்டலாமா?

மலர்விழி டீச்சர்

கடிகாரம் பார்க்கத் தெரிந்தவர்களே அந்த நேரத்தில் பார்க்க மாட்டார்கள். எரிச்சல் குறைந்ததும் நிறுத்திவிடுவார்கள். பாட்டுக் கணக்கு சொல்லுங்கள். சினிமாப் பாட்டு மூன்று முடிந்து நான்காவதும் முடிகிற வரை. தண்ணீர் ஊற்றுபவள் பாட்டை முணுமுணுக்கிற மாதிரி வைத்து, படத்தில் சுற்றி இருப்பவை மாறுவதைக் காட்டுங்கள். ஆட்டோ வருகிறது, பெயர் கூப்பிட்டு முடிகிறது, அவள் இன்னும் ஊற்றிக்கொண்டே இருக்கிறாள். கண்ணைத் திறந்து பிடிக்க இன்னொரு கை வேண்டும் என்பதும் அதிலேயே வந்துவிடும்.

ஐஸ்பிளான்ட் ராசு

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன். தம்பி சொன்ன இட அமைப்பைப் பார்த்ததும் எனக்கு உறுத்தியது அந்த வேப்பமரம்தான்.

கச்சான் அடிக்கிற மாதங்களில் காற்று தென்மேற்கில் இருந்து வரும். மெஷின் ரூம் மேற்கே. கசிந்தால் மூட்டம் ஹாலைத் தடவிக்கொண்டு வடகிழக்கே, அதாவது மெயின் கேட் பக்கம் போகும். செருப்பு ரூமும் அங்கேதான், கூடுமிடமும் அங்கேதான். எல்லோரையும் கூட்டி மூட்டத்துக்குள் நிறுத்துகிற ஏற்பாடு அது. அப்போது பின்கதவு வழியாகக் கடற்கரைக்குத்தான் போக வேண்டும். வாடைக்காற்று மாதங்களில் வடகிழக்கில் இருந்து காற்று. மூட்டம் கடல் பக்கம் போகும், மெயின் கேட் சரி. ரெண்டும் ஓய்ந்த காலத்தில் பகலில் கடல்காற்று, ராத்திரியில் கரைக்காற்று. நைட் ஷிப்டுக்கு ஒரு கதவு, பகல் ஷிப்டுக்கு ஒரு கதவு என்று ஆகிவிடும்.

ஆக ஒரே கதவைச் சொல்லிக் கொடுக்க முடியாது. காற்றைப் பார்த்துக் கதவு. உங்கள் நாலாவது காட்சியில் "எதிர்த்திசை" என்று மொட்டையாக இருப்பதும் ஆபத்து. காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் என்று போனால், மெஷின் ரூமைத் தாண்டி காற்று போகிற பக்கம் நிற்பவர் கேஸுக்குள்ளேயே நடப்பார். முதலில் மூட்டத்துக்குக் குறுக்காக விலக வேண்டும், அப்புறம்தான் காற்று வரும் பக்கம்.

சேஃப்டி செந்தில்

ராசு அண்ணே, நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் பதற்றத்தில் ஒரு பெண் காற்றையும் பார்த்து, மூட்டத்தையும் பார்த்து, ரெண்டு கதவில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பாள் என்று எதிர்பார்க்க முடியுமா? பயிற்சி என்றால் ஒரே பாதை, ஒரே இடம். நூறு தடவை அதையே செய்ய வைக்க வேண்டும். கூடுமிடத்தை மெஷின் ரூமில் இருந்து தள்ளிக் கிழக்கே மாற்றிவிட்டால் போதாதா?

செல்வி

சார், காற்றைப் பார்க்கத் தெரியாதவர்கள் எங்களில் யாரும் இல்லை. எங்கள் வீட்டில் கச்சானா வாடையா என்று பார்த்துத்தான் வலையே எடுப்பார்கள். பனை ஓலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் ஹாலுக்குள்ளே ஜன்னல் கிடையாது, முழுக்க ஏசி. வெளியே என்ன காற்று என்று உள்ளே இருந்து எப்படித் தெரியும்?

ஐஸ்பிளான்ட் ராசு

தங்கச்சி கேட்டதுதான் கேள்வி. ஹாலுக்குள் இருக்கிறவர்கள் தேர்ந்தெடுக்க முடியாது. வெளியே இருக்கிறவர் தேர்ந்தெடுத்துச் சொல்ல வேண்டும். கூரை மேல் கொடி, ராத்திரிக்கு அதன் மேல் ஒரு லைட். கேட் வாட்ச்மேனோ ஐஸ் பிளான்ட் ஆளோ கொடியைப் பார்த்து, ஹாலில் ரெண்டு கதவுக்கும் மேலே இருக்கும் விளக்கில் எந்தக் கதவு என்று ஸ்விட்ச் போட வேண்டும். பச்சை எரிகிற கதவுக்குப் போ. வெளியே வந்ததும் கொடியைத் தாங்களே பார்த்து, துணி பறக்கிற பக்கம் போகாமல் கம்பம் இருக்கிற பக்கம் போகட்டும்.

கிழக்கே மாற்றுவது பற்றி: கச்சானில் மூட்டம் கிழக்கையும் தொடும். எவ்வளவு தள்ளி என்பது கேஸ் அளவைப் பொறுத்தது. கம்பெனி நிலம் அவ்வளவு நீளம் இருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

சேஃப்டி செந்தில்

விளக்கை ஏற்றுக்கொள்கிறேன். பச்சையோடு பக்கத்தில் ஓசையும் வேண்டும், நிறம் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் இருப்பார்கள். ஆனால் அந்த வாட்ச்மேன் மயங்கி விழுந்துவிட்டால்? எந்த விளக்கும் எரியாவிட்டால் எந்தக் கதவு என்று வீடியோ சொல்ல வேண்டும். அதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா?

ஐஸ்பிளான்ட் ராசு

மூட்டம் உள்ளே வரும் பக்கத்துக்கு எதிர்க் கதவு. அதற்கு மேல் உறுதியாக எதுவும் சொல்ல மாட்டேன்.

மண்டபம் கேமரா

எல்லோர் சொன்னதையும் வைத்து முக்கியக் காட்சியைத் திரும்ப எழுதினேன். நிஜ ஹாலில், அங்கே வேலை செய்பவர்களை வைத்தே எடுக்கிறேன். பேச்சு மெதுவாக, ஷாட்டுக்கு ஒரு வரிக்கு மேல் கிடையாது.

படம்: ஹால் முழுவதும், பெண்கள் வேலையில். ஒலி: வேலைச் சத்தம் மட்டும்.

படம்: அதே ஹால். எல்லோரும் தலை நிமிர்கிறார்கள். ஒலி: கேஸ் சங்கு, விட்டுவிட்டு ஊதுகிறது. டீச் சங்கு நீளமாக ஒரே ஊதல் என்பதை இதற்கு முன்னால் தனியாகக் கேட்க வைத்திருப்பேன்.

படம்: ஒரு பெண் கத்தியைக் கீழே வைக்கிறாள். கேமரா அவள் பார்வையோடு பின்கதவுக்குப் போகிறது. மேலே பச்சை விளக்கு, கீழே மணியோசை. குரல்: "பச்சை எரியிற கதவு."

படம்: இன்னொருத்தி செருப்பு ரூம் பக்கம் திரும்புகிறாள், தோழி கையைப் பிடிக்கிறாள். ஒலி: "டப்பா எங்கேயும் போகாது, வா."

படம்: எல்லோரும் இடமிருந்து வலமாக, நிமிர்ந்து, வேகமாக நடக்கிறார்கள். ஓடவில்லை. தரை ஈரம்.

படம்: வெளியே. கொடி, கம்பம், மெஷின் ரூம் மூன்றும் ஒரே சட்டத்தில். மெஷின் ரூமில் இருந்து வெள்ளை மூட்டம், கொடி பறக்கிற பக்கமே போகிறது. பெண்கள் குறுக்கே விலகிக் கம்பத்துப் பக்கம். குரல்: "கொடி பறக்கிற பக்கம் போகாதே."

இதற்கப்புறம் மெயின் கேட் வழியாக வாடைக்காற்றில் இதே காட்சி இன்னொரு தடவை. கண் கழுவுதலும் பெட்ஷீட்டும் அடுத்த காட்சி.

மலர்விழி டீச்சர்

நன்றாக வந்திருக்கிறது. "போகாதே" என்பதை மட்டும் மாற்றுங்கள். சங்குச் சத்தத்தில் கடைசி எழுத்து விழுங்கிப் போனால் "கொடி பறக்கிற பக்கம் போ" என்று காதில் விழும். "கம்பத்துப் பக்கம் வா" என்று சொல்லுங்கள்.

எடுத்து முடித்ததும் முதலில் ஒலி இல்லாமல் சிலருக்குப் போட்டுக் காட்டி, "இந்தப் பொண்ணு என்ன செய்யுது, ஏன்?" என்று கேளுங்கள். அப்புறம் படம் இல்லாமல் ஒலியை மட்டும் போடுங்கள். ரெண்டும் ஒரே கதையைச் சொல்கிறதா என்று தெரிந்துவிடும். "புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். ஹாலுக்கே கூட்டிப் போய், கொடியை உங்கள் கையால் ஒரு பக்கம் பிடித்துக்காட்டி, நடந்து காட்டச் சொல்லுங்கள். தப்பான பக்கம் நடந்தவரிடம் எந்த ஷாட்டைப் பார்த்து அப்படி நினைத்தார் என்று கேளுங்கள். திருத்த வேண்டியது அந்த ஷாட்.

சேஃப்டி செந்தில்

ஒடிசா இளைஞர்களுக்கு? பேச்சே இல்லாமல் எடுத்தால் ஒரே வீடியோ எல்லோருக்கும் ஆகுமே.

மலர்விழி டீச்சர்

வெளியேறும் காட்சிக்குப் பேச்சு தேவையில்லைதான். கண் கழுவும் நேரமும் எண்ணெய் கூடாது என்பதும் படத்தில் மட்டும் வராது. அதே படத்துக்கு ஒடியாவில் தனிக் குரல் போடுங்கள், அவர்களில் ஒருவரையே பேச வைத்து. ஹிந்தி எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள்.

செல்வி

எல்லாம் சரி அண்ணே. பின்கதவுப் பூட்டு?

மண்டபம் கேமரா

இன்று மேனேஜரிடம் கேட்டேன். உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் பார் போட்டு, வெளியே ஈ வலைக் கதவு வைக்கலாமா என்று முதலாளியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். பச்சை விளக்குக்கும் கொடிக்கும் சரி என்றுவிட்டார், பூட்டுக்குத்தான் தயங்குகிறார். பூட்டிய கதவை வீடியோவில் திறந்து காட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். பார் மாட்டிய பிறகுதான் ஷூட்டிங் தேதி.

ஐஸ்பிளான்ட் ராசு

கச்சான் தொடங்குவதற்கு முன்னால் மாட்டச் சொல்லுங்கள் தம்பி. தள்ளு பார் உப்புக்காற்றில் துருப்பிடித்து இறுகிவிடும், துருப்பிடிக்காத ஸ்டீலில் கேளுங்கள். வாரா வாரம் யார் தள்ளிப் பார்ப்பது என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.